கிளெய்ம் படிவம்: நோயாளியின் பங்கும் மருத்துவமனையின் பங்கும்

கேஷ்லெஸ் வசதி இல்லாத மருத்துவமனையில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்றுவிட்டு, பின்னர் காப்பீட்டு நிறுவனத்திடம் தொகையைத் திரும்பக் கேட்பவர்கள் நிரப்பும் படிவம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. பகுதி ஏ பாலிசிதாரர் நிரப்ப வேண்டியது. பகுதி பி மருத்துவமனை நிரப்பி, கையொப்பமிட்டு, முத்திரை வைத்துத் தர வேண்டியது. இவ்விதி படிவத்தின் தலைப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும், கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் என் மேசைக்கு வரும் படிவங்களில் இரண்டு பகுதிகளும் ஒரே கையெழுத்தில் இருப்பதை அடிக்கடி காண்கிறேன். முத்திரையை மட்டும் வைத்துவிட்டு, "மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்று பில்லிங் கவுண்டரில் சொல்லியிருப்பார்கள்.

அண்மையில் பார்த்த ஒரு கோரிக்கையை, அடையாளங்களை நீக்கிச் சொல்கிறேன். கணவர் பெயரில் எடுக்கப்பட்ட குடும்ப பாலிசி தொடங்கி இரண்டு ஆண்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை நடந்தது. ஜூன் 12 அன்று எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது. ஜூலை 3 அன்று மருத்துவமனையில் சேர்ந்தார்.

பகுதி ஏ-யின் முதல் பிரிவு பாலிசிதாரரைப் பற்றியது. சேர்க்கப்பட்டவரைப் பற்றிய விவரங்களுக்குத் தனிப் பிரிவு பின்னால் வருகிறது. சிகிச்சை பெற்றவர் மனைவி என்பதால் முதல் பிரிவிலேயே அவர் பெயரை எழுதிவிட்டார்கள். வங்கிக் கணக்கும் அவருடையதாகவே கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரிவு கேட்பது பாலிசிதாரரான கணவரின் கணக்கை. பெயர் பொருந்தாவிட்டால் அனுமதியான தொகைகூடக் கணக்கில் சேராமல் நின்றுவிடும்.

அடுத்தது, நோய் முதலில் கண்டறியப்பட்ட நாள். அந்தக் கட்டத்தில் மருத்துவமனையில் சேர்ந்த ஜூலை 3-ஐ எழுதியிருந்தார்கள். அதே படிவத்தில், சேர்க்கைக்கு முந்தைய செலவாக ஜூன் 12 ஸ்கேன் பில்லும் இருந்தது. கண்டறிவதற்கு முன்பே ஸ்கேன் எப்படி எடுத்தார்கள் என்று பரிசீலிப்பவர் கேட்டே தீர வேண்டும். ஸ்கேன் அறிக்கையின் தேதியே அங்கு வர வேண்டியது.

தொகையிலும் ஒரு குழப்பம். மருத்துவமனை பில் ரூ.68,400, முந்தைய செலவு ரூ.3,250, வீடு திரும்பிய பின் மருந்து ரூ.2,180, மொத்தம் ரூ.73,830. பகுதி ஏ-யில் இம்மூன்றையும் தனித்தனியாக எழுதி, இணைத்த ஒவ்வொரு பில்லின் எண்ணையும் தேதியையும் கீழுள்ள அட்டவணையில் வரிசைப்படுத்தி, இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனையின் பகுதியில் அதன் பில்லான ரூ.68,400 மட்டுமே இருக்கும், வேறுபாடு இயல்பானது. இவர்களோ இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று எண்ணி, பகுதி பி-யில் இருந்த தொகையைத் திருத்தி ரூ.73,830 ஆக்கிவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான் என்றாலும், மருத்துவமனை கையொப்பமிட்ட ஆவணத்தில் வேறொருவர் கை வைத்தால் அது எங்களுக்குச் சந்தேகத்துக்குரிய ஆவணமாகிவிடுகிறது.

பகுதி பி-யில் நோயின் பெயர், அதற்கான ஐசிடி குறியீடு, செய்த அறுவை சிகிச்சை, சேர்க்கை அவசரமா திட்டமிட்டதா என்பவை எல்லாம் சிகிச்சையளித்த தரப்பு எழுத வேண்டியவை. காப்பீட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனை என்றால் பதிவு எண், பான் எண், படுக்கைகளின் எண்ணிக்கை, ஆபரேஷன் தியேட்டர், ஐசியூ உண்டா என்று கேட்கும் பிரிவையும் நிரப்ப வேண்டும். பெரும்பாலும் வெறுமையாக வருவது இதுதான். பாலிசியின் விளக்கப்படி அது மருத்துவமனைதானா என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறோம்: அரசுப் பதிவு இல்லாத இடமானால், 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கைகளும் மற்ற இடங்களில் 15 படுக்கைகளும் தேவை, இவற்றுடன் வேறு நிபந்தனைகளும் உண்டு.

இந்தக் கோரிக்கையை உண்மையில் நிறுத்தியது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரு சொல். மூன்று வாரங்களாக வயிற்று வலி என்பதற்குப் பதிலாக மூன்று ஆண்டுகள் என்று தட்டச்சாகியிருந்தது. பாலிசிக்கு வயது இரண்டு ஆண்டு நான்கு மாதங்கள்தான். அந்த பாலிசியில் முன்பே இருந்த நோய்க்குச் செலவு தரப்படாத காத்திருப்புக் காலம் 36 மாதங்கள். ஆகவே பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்ததா என்ற கேள்வி எழுந்தது. நோயாளி பேனாவால் அதை அடித்து எழுதியிருந்தால் கோரிக்கை மேலும் சிக்கலாகியிருக்கும். நல்லவேளையாக அவர் தொடவில்லை. சிகிச்சையளித்த மருத்துவர், உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு, பிழையை விளக்கி, கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தந்த கடிதமும், சேர்க்கை நாளன்று எழுதப்பட்ட கேஸ் ஷீட்டின் நகலும் வந்த பிறகே கோப்பு நகர்ந்தது. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே சம்மரியை ஒருமுறை படித்திருந்தால், அதே மேசையிலேயே புதிய அச்சு வாங்கியிருக்கலாம்.