நீந்தத் தெரிந்தவர் ஏன் மூழ்குகிறார்?

தீபாவளி விடுமுறையில் ஆற்றுக்குக் குளிக்கச் சென்று, சிறுவயது முதல் நீந்திப் பழகிய இளைஞர் ஒருவர் மூழ்கி இறந்ததைக் குறிப்பிட்டு, ஹட்டன் வாசகர் ஒருவர் இக்கேள்வியை அனுப்பியிருந்தார். ஆற்றில் ஏதோ காலைப் பிடித்து இழுத்ததாக லயத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அந்தப் பேச்சு எனக்கு வருத்தமளிக்கிறது. ஏனெனில், அது குடித்துவிட்டு நீரில் இறங்குவது என்ற உண்மையான காரணத்தை மறைத்து, அடுத்த விடுமுறையிலும் அதே இடத்தில் இன்னொருவரை இறங்க வைக்கிறது.

மதுசாரம் மூளையின் முன்பகுதியை மந்தமாக்குவதால், 'தண்ணீர் கலங்கி வருகிறதே' என்ற தயக்கம் முதலில் மறைகிறது என்பது பலரும் அறிந்ததே. அதைவிட நுட்பமான மாற்றம் காதுக்குள் நிகழ்கிறது.

உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களில் ஒரு திரவமும், அதன் குறுக்கே குப்புலா எனப்படும் கூழ் போன்ற தடுப்பும் உள்ளன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி கொண்டவை என்பதால், தலை சுழலும்போது மட்டுமே குப்புலா வளையும். வெறுமனே சாய்ந்திருந்தால் வளையாது. நீரைவிட இலேசான மதுசாரம், குருதிக் குழாய்களுக்கு அருகிலுள்ள குப்புலாவுக்குள் முதலில் ஊறுகிறது. இலேசாகிவிட்ட குப்புலா திரவத்தில் மிதக்க முயன்று வளைய, தலை அசையாதபோதும் 'சுழல்கிறாய்' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. நீரைவிட அடர்த்தியான கனநீரைக் குடித்தால் இதற்கு நேரெதிரான விளைவு தோன்றுவதை 1974இல் ஆய்வாளர்கள் காட்டியது, இவ்விளக்கத்துக்கு அழகான சான்றாகும்.

குடித்துவிட்டுப் படுத்தவர், அறை சுற்றும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்; பாதமும் கண்ணும் காதின் பொய்யைத் திருத்துகின்றன. கலங்கிய நீருக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாது, பாதத்துக்குத் தரையும் கிடையாது. எஞ்சியிருப்பது காது மட்டுமே. அதை நம்பி, மேலே போவதாக எண்ணிப் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ நீந்த நேரிடலாம்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கால் போத்தல் சாராயம் குடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 180 மில்லிலீற்றரில் 48 கிராம் அளவு மதுசாரம் இருக்கும். ஈரல் மணிக்கு ஏழெட்டுக் கிராமையே அகற்றுவதால், அது தீர மாலை ஆறு மணியைத் தாண்டிவிடும். குளிர்ந்த நீரோ தேசிக்காய்ச் சாறோ இதை விரைவுபடுத்தாது. பின்னர் மதுசாரம் குப்புலாவை விட்டு முதலில் வெளியேறுவதால், இம்முறை அது திரவத்தைவிடக் கனமாகி, எதிர்த்திசைச் சுழற்சி தொடங்குகிறது. 'வெறி இறங்கிவிட்டது' என்று இரவில் ஆற்றைக் கடப்பவருக்கும் இதனால் ஆபத்துண்டு.

ஆகவே, எச்சரிக்கையுணர்வு மங்கிய பின் முடிவெடுக்க நேராதபடி, குளியலை முதலிலும் சாப்பாட்டையும் குடியையும் அதன் பின்னரும் வைத்துக்கொள்வதைப் புறப்படும்போதே பேசி முடிவுசெய்ய வேண்டும். குடிக்காத ஒருவர் கரையில் இருக்கட்டும். மேலே மலையில் மழை பெய்தாலோ நீர் திடீரெனக் கலங்கினாலோ எல்லோரையும் வெளியேற்றுவது அவருடைய பொறுப்பு. எவரேனும் தத்தளித்தால் அவர் பின்னால் குதிக்காமல், மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்டிக் கேனைக் கயிற்றில் கட்டி எறிய வேண்டும். கயிற்றின் மறுமுனையை முன்கூட்டியே கரையிலுள்ள மரத்தில் கட்டி வைத்திருப்பது நல்லது.