இனுலின்: நாராகத் தெரியாத நார்

போன மாதம் அத்தை ஒரு சத்துமாவுப் பாக்கெட்டை என்னிடம் நீட்டினார். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடமாகிறது, தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். "கண்ணு, இதுலயே இன்சுலின் கலந்திருக்காம் பாரு. இதைக் குடிச்சா ஊசியை நிறுத்திடலாமா?" என்று கேட்டார். பாக்கெட்டில் அச்சிட்டிருந்தது இன்சுலின் இல்லை, இனுலின். அவர் கேட்காமல் தானாகவே ஊசியை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது பயமாக இருந்தது. அதனால்தான் இந்தச் சொல்லை நிதானமாக விளக்க வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு பெயர்களும் ஒலியில் நெருக்கமானவை, வேரில் அல்ல. இன்சுலின் என்பது லத்தீனில் தீவைக் குறிக்கும் 'இன்சுலா' என்ற சொல்லிலிருந்து வந்தது. கணையத்துக்குள் தீவுகள் போலத் திட்டுத் திட்டாக இருக்கும் உயிரணுக் கூட்டங்கள் அதைச் சுரக்கின்றன, அதனால் அந்தப் பெயர். இனுலின் ஒரு செடியின் பெயரிலிருந்து வந்தது. சூரியகாந்திக் குடும்பத்தில் மஞ்சள் பூப் பூக்கும் 'இனுலா ஹெலினியம்' என்ற செடி ஐரோப்பாவில் பழைய மருந்துச் செடி. ஜெர்மானிய வேதியியலாளர் வாலன்டைன் ரோஸ் 1804இல் அதன் வேரை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தபோது மாவு போன்ற ஒரு வெள்ளைப் பொருள் கிடைத்தது. பின்னால் அதற்கு அந்தச் செடியின் பெயரையே வைத்துவிட்டார்கள். முன்னது உடம்பு சுரக்கும் ஹார்மோன், பின்னது செடி சேமித்து வைக்கும் உணவு.

செடிகள் பெரும்பாலும் தங்கள் சேமிப்பை மாவுச்சத்தாக வைத்துக்கொள்ளும். நெல்லும் உருளைக்கிழங்கும் அப்படித்தான். வெங்காயமும் பூண்டும் வேறு வழியில் போகின்றன. அவை பழச்சர்க்கரை மூலக்கூறுகளைச் சரம் போலக் கோத்து வைக்கின்றன. சரத்தின் ஒரு முனையில் பொதுவாக ஒரு குளுக்கோஸ் இருக்கும், மற்றதெல்லாம் பழச்சர்க்கரை. சரம் நீளமாக இருந்தால் இனுலின். பத்துக்கும் குறைவான மணிகள் கொண்ட சின்னச் சரம் என்றால் ஃபிரக்டோ ஒலிகோசாக்கரைடு. 'ஒலிகோ' என்றால் கிரேக்கத்தில் 'சில' என்று பொருள். இந்தக் குடும்பம் முழுவதற்கும் 'பழச்சர்க்கரைத் தொடர்' என்ற தமிழ்ப் பெயர் நன்றாகப் பொருந்துகிறது. இனுலின் என்பதை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், செடியின் பெயரை மொழிபெயர்ப்பதில் பயனில்லை.

இங்கே 'நார்ச்சத்து' என்ற சொல் நம்மைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறது. நார் என்றதும் வாழைநாரும் முருங்கைக்காய்ச் சக்கையும்தான் கண்ணுக்குள் வரும். இனுலினைப் பிரித்தெடுத்தால் அது மைதா போன்ற வெள்ளைப் பொடி. இலேசாக இனிக்கும், வெந்நீரில் கரைந்துவிடும், பல்லில் சிக்காது. அப்படியிருந்தும் சத்துக் கணக்கில் அதை நார்ச்சத்து என்று எழுதுவதற்குக் காரணம், நம் சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது என்பதுதான். சரத்தில் ஒரு மணியை அடுத்ததோடு இணைக்கும் பிணைப்பு ஒரு தனி வகை. அதை வெட்டும் நொதி மனித உடம்பில் இல்லை. 1930களில் சிறுநீரக ஆய்வாளர்கள் இந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். இனுலினை இரத்தக் குழாயில் ஏற்றினால் உடம்பு அதைத் தொடாது, சிறுநீரகம் வடிகட்டி அப்படியே வெளியே அனுப்பிவிடும். அதனால் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது, சிறுநீரில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, சிறுநீரகம் எந்த வேகத்தில் வடிகட்டுகிறது என்று கணக்கிட்டார்கள்.

சரி, வாய் வழியாகச் சாப்பிட்டது என்ன ஆகிறது? வயிறு, சிறுகுடல் இரண்டையும் அநேகமாகச் சேதமில்லாமல் கடந்து, சில மணி நேரத்தில் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே நம்மிடம் இல்லாத அந்த நொதியோடு பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை பைஃபிடோபாக்டீரியம் இனத்தைச் சேர்ந்தவை. அவை சரத்தை வெட்டி, பழச்சர்க்கரையைத் தின்று, அசிட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியே விடுகின்றன. இட்லி மாவு புளிக்கும்போது பாக்டீரியா செய்வதும் ஏறக்குறைய இந்த வேலைதான்.

அதோடு முடியவில்லை. பைஃபிடோ விட்ட அமிலங்களை ஃபீகாலிபாக்டீரியம் போன்ற வேறு பாக்டீரியாக்கள் எடுத்துக்கொண்டு பியூட்டிரேட் என்ற பொருளைச் செய்கின்றன. ஒரு வீட்டில் வடித்த கஞ்சியைப் பக்கத்து வீட்டு மாடு குடிப்பது போல. பியூட்டிரேட்டின் பெயர் வெண்ணெயைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது, வெண்ணெய் கெட்டுப்போனால் வரும் வாடை அதன் அமிலத்துடையதுதான். பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் உயிரணுக்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியை இந்தப் பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. அதாவது நமக்குச் செரிக்காத பூண்டு, பாக்டீரியா வழியாகச் சுற்றி வந்து நம் குடலுக்கே உணவாகிறது. இந்தச் சுற்றுவழியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது வாழைப்பழம். இனுலின் உள்ள உணவுகள் என்று வரும் பட்டியல்களில் வெங்காயம், பூண்டு, வாழைப்பழம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அளவைப் பார்த்தால் அது சரியில்லை. 100 கிராம் பூண்டில் 9 முதல் 16 கிராம் வரை இனுலின் இருக்கும். வெங்காயத்தில் வகையைப் பொறுத்து 1 முதல் 7 கிராம் வரை. வாழைப்பழத்தில் அரை கிராம்தான். ஐந்து கிராம் வேண்டும் என்றால் பத்துப் பழம் சாப்பிட வேண்டும்.

வாழையில் பாக்டீரியாவுக்கு உண்மையில் கிடைப்பது வேறு பொருள், அதுவும் பழத்தில் அல்ல, காயில். பச்சை வாழைக்காயின் மாவுச்சத்து நெருக்கமான மணிகளாக இறுகியிருப்பதால் நம் நொதி அதற்குள் எளிதில் நுழைய முடியாது. இதைச் 'செரிமானத்துக்கு மசியாத மாவுச்சத்து' என்று சொல்லலாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வாழைக்காய்த் துண்டு, நன்றாகப் பழுத்த வாழைப்பழத் துண்டு, வெங்காயத் துண்டு மூன்றிலும் டிங்சர் அயோடின் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். காய் கருநீலமாக மாறும், அங்கே மாவுச்சத்து நிறைய இருக்கிறது. பழத்தில் நிறம் பெரிதாக மாறாது, மாவு சர்க்கரையாகிவிட்டது. வெங்காயத்தில் அயோடினின் பழுப்பு நிறமே நிற்கும், ஏனென்றால் அதன் சேமிப்பு மாவே இல்லை. சோதித்த துண்டுகளைச் சாப்பிடாமல் எறிந்துவிடுங்கள்.

ஆனால் வாழைக்காயை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. வேகவைத்ததும் அந்த மாவு மணிகள் உப்பி உடைந்து, பெரும்பகுதி சாதாரண மாவுச்சத்தைப் போலச் செரித்துவிடும். ஆறவைத்தால் கொஞ்சம் மீண்டும் இறுகும். அதனால் பொரியலில் மிஞ்சுவது குறைவு. குறைவு என்றாலும் 'வாழைக்காய் வாயு' என்று பாட்டிகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. செரிக்காமல் போன மாவு பெருங்குடலில் நொதிக்கும்போது வாயு வரத்தான் செய்யும்.

வெங்காயமும் பூண்டும் வேகும்போது இவ்வளவு இழப்பதில்லை. இனுலின் தண்ணீரில் கரைந்து வெளியேறும், ஆனால் சாம்பாரிலும் ரசத்திலும் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தானே சாப்பிடுகிறோம். புளியோடு வெகுநேரம் கொதித்தால் சரங்களில் ஒரு பங்கு உடைந்து வெறும் பழச்சர்க்கரையாகும். முளைவிட்ட வெங்காயத்திலும் அளவு குறையும். முளைக்குச் சோறு போடத்தான் செடி அதைச் சேர்த்து வைத்தது, முளை வந்ததும் எடுத்துச் செலவழித்துவிடுகிறது.

ஒரு மதியச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் பங்குச் சாம்பாரில் 75 கிராம் வெங்காயம், அதில் நடுத்தரமாக 4 சதவீதம் என்றால் 3 கிராம். பூண்டு ரசத்தில் ஐந்து பல், சுமார் 15 கிராம், அதிலிருந்து இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆக ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 5 கிராம். மலம் ஒழுங்காகக் கழிய உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் ஏற்றுக்கொண்ட அளவு, சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின் நாளுக்கு 12 கிராம். நம் காப்பித்தூளில் கலக்கிற அதே சிக்கரிதான். பாக்கெட்டுகளில் வரும் இனுலின் பொடியும் பெரும்பாலும் அந்த வேரிலிருந்துதான் வருகிறது.

பழக்கமில்லாத வயிற்றில் ஒரே நாளில் பத்து, பதினைந்து கிராம் பொடியைக் கொட்டினால் உப்புசமும் வயிற்றுப்போக்கும் வரலாம். சின்னச் சரங்கள் வேகமாக நொதித்து, சட்டென்று வாயுவைக் கிளப்பும். நீளமானவை மெதுவாக நொதிக்கும். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களில் பலருக்கு ஒரு சாப்பாட்டு அளவே வலியைக் கொடுக்கும். இந்தத் தொந்தரவு சாப்பிட்ட உடனே வராது, பெருங்குடலை எட்டிய பிறகுதான் தொடங்கும், அதனால் மதியச் சாம்பாரின் பழி மாலை டீயின் மேல் விழும். கோதுமையிலும் இந்தச் சரங்கள் உண்டு, அதனால் சில வாரம் வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றையும் விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும். பூண்டு மணம் வேண்டும் என்பவர்கள் பல்லை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், இனுலின் எண்ணெயில் கரையாது. எடை குறைவதோ மலத்தில் இரத்தமோ இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக 'ப்ரீபயாட்டிக்'. கிளென் கிப்சன், மார்செல் ராபர்ஃப்ராய்ட் இருவரும் 1995இல் இந்தச் சொல்லைக் குடல் பாக்டீரியாவின் உணவுக்குப் பெயராக வைத்தார்கள். ஏற்கெனவே இருந்த 'ப்ரோபயாட்டிக்' என்ற சொல்லை ஒட்டி எழுந்தது இது. ப்ரோபயாட்டிக் என்றால் உயிருள்ள பாக்டீரியாவையே கொடுப்பது. ப்ரீபயாட்டிக் என்றால் உள்ளே இருப்பவற்றுக்கு இரை கொடுப்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'முன்னுயிரி' என்று வரும், அது ஏதோ ஒரு பழங்கால உயிரினம் போல ஒலிக்கிறது. 'நுண்ணுயிரூட்டி' என்று நானே முதலில் எழுதிப் பார்த்தேன். பிறகு தவறு புரிந்தது. பாலூட்டி என்றால் பாலை ஊட்டுவது. அந்தக் கணக்கில் நுண்ணுயிரூட்டி என்றால் நுண்ணுயிரை ஊட்டுவது, அது ப்ரோபயாட்டிக் ஆகிவிடும். கோழித்தீனி என்றால் அப்படி இல்லை, தின்பது கோழி என்று யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் 'நுண்ணுயிர்த்தீனி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தீனி என்பது அறிவியலுக்கு ஆகாத நாட்டுப்புறச் சொல் என்று சிலர் நினைக்கலாம். யார் தின்கிறார்கள் என்பதை அது மட்டும்தான் தெளிவாகச் சொல்கிறது.

அத்தையிடம் அப்படித்தான் சொன்னேன். "இது இன்சுலின் இல்ல அத்தை, குடல்ல இருக்கிற நுண்ணுயிருக்குத் தீனி." கொஞ்ச நேரம் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ எனக்கு இல்லையா? சரி, ஊசியைப் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்று எழுந்து போனார்.