7% என்று போட்டிருக்கும் சர்க்கரை உண்மையில் எவ்வளவு?

கடையில் ‘ஓட்ஸும் தேனும்’ என்று பெரிய எழுத்தில் போட்ட பிஸ்கட் பாக்கெட் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில் சத்து அட்டவணை இருக்கும். அதில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியில் 23 கிராம் என்று ஓர் எண், அதை ஒட்டியே 7% என்று இன்னொரு எண். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? 23 கிராம் என்பது ஒரு நாளைக்கான அளவில் வெறும் 7 சதவீதம்தானே என்று பாக்கெட்டைக் கூடையில் போட்டுவிடுவார்.

அந்த இரண்டு எண்களும் ஒரே வரியில் இருந்தாலும் ஒரே அளவைப் பற்றியவை அல்ல. 23 கிராம் என்பது 100 கிராம் பிஸ்கட்டுக்கு. 7% என்பது ஒரு ‘பரிமாறும் அளவு’க்கு. நம் மாதிரி பாக்கெட்டில் அது 16 கிராம், அதாவது இரண்டே பிஸ்கட். இது எந்தக் கம்பெனியின் லேபிளும் அல்ல, கடைகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய மாதிரி நான் அமைத்துக்கொண்டது. இந்த அமைப்பு சட்டப்படி சரியானதுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிகள், சத்துகளை 100 கிராமுக்குச் சொல்லச் சொல்கின்றன, தினசரி அளவில் அது எத்தனை சதவீதம் என்பதைப் பரிமாறும் அளவுக்குச் சொல்லச் சொல்கின்றன. ‘பரிமாறும் அளவு 16 கிராம்’ என்ற வரி அட்டவணைக்கு மேலேயோ கீழேயோ சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிடித்த பிறகு கணக்கு எளிது. 100 கிராமில் 23 என்றால் 16 கிராமில் சுமார் 3.7 கிராம். ஒரு நாளைக்கு வைத்திருக்கும் உச்ச அளவு 50 கிராம் என்பதால் அது 7% ஆகிறது. ஆனால் டீயோடு இரண்டு பிஸ்கட்டில் நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்? காலையில் நாலு, மாலையில் நாலு என்றால் 64 கிராம் ஆயிற்று. சர்க்கரை சுமார் 14.7 கிராம். 7% என்பது 29% ஆகிவிட்டது. டீயில் போட்ட சர்க்கரை இதில் சேரவில்லை.

அந்த 50 கிராம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி சாப்பிடும் பெரியவரை வைத்து, அதில் பத்தில் ஒரு பங்கு, 200 கிலோ கலோரி, சர்க்கரையிலிருந்து வரலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கிலோ கலோரி, ஆக 50 கிராம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ சுமார் 1360 கிலோ கலோரி. அதே பத்தில் ஒரு பங்கு என்று பார்த்தால் 34 கிராம்தான். மேலே சொன்ன எட்டு பிஸ்கட்டைக் குழந்தை சாப்பிட்டால் அது 29% அல்ல, 43%. பாக்கெட்டின் முன்பக்கத்தில் கார்ட்டூன் படம் இருந்தாலும் பின்பக்கத்துச் சதவீதம் பெரியவருடையதுதான். இதை லேபிளில் தனியாகச் சொல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அடுத்தது சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில், குறையக் குறைய அடுத்தடுத்து வர வேண்டும் என்பது விதி. நம் பாக்கெட்டில் இப்படி இருக்கிறது: மைதா, சர்க்கரை, பாமாயில், ஓட்ஸ் (9%), மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், தேன் (1%), உப்பு, பால் திடப்பொருள், எமல்சிஃபையர் 322.

ஓட்ஸுக்கும் தேனுக்கும் மட்டும் சதவீதம் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பொருளைப் படமாகவோ பெயராகவோ முன்பக்கத்தில் தூக்கிக் காட்டினால், அது எவ்வளவு என்று பட்டியலில் சொல்லியாக வேண்டும். 100 கிராம் பிஸ்கட்டுக்குச் சேர்த்த தேன் ஒரு கிராம்தான். கால் டீஸ்பூன்கூட வராது.

இந்தச் சதவீதம் நமக்கு இன்னொரு விதத்திலும் உதவும். ஓட்ஸ் 9% என்றால் அதற்கு முன்னால் இருப்பவை ஒவ்வொன்றும் 9%க்குக் குறையாது, பின்னால் இருப்பவை 9%ஐத் தாண்டாது. அட்டவணையில் மொத்தக் கொழுப்பு 19 கிராம் என்று இருக்கிறது. அதில் பெரும்பகுதி பாமாயில்தான், 17 அல்லது 18 கிராம் என்று வைக்கலாம். சர்க்கரை அதற்கு முன்னால் நிற்பதால் அதுவும் அவ்வளவுக்குக் குறையாது. மீதிச் சேர்த்த சர்க்கரை சிரப், குளுக்கோஸ், தேனிலிருந்து வருகிறது.

உப்பையும் இப்படி எல்லைக் கல்லாக வைத்துக்கொள்ளலாம். சோடியம் 350 மில்லிகிராம் என்றால் 2.5 ஆல் பெருக்க, உப்பு அதிகபட்சம் 0.9 கிராம். ஆகவே உப்புக்குப் பின்னால் வரும் பால் திடப்பொருள் ஒரு சதவீதத்தையும் தொடாது. ‘பாலின் நற்குணம்’ என்று எழுதியிருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் தோராயக் கணக்குகள்தான். பட்டியலின் வரிசை, மாவு பிசையும்போது போட்ட எடையை வைத்து வருவது. வேகும்போது ஈரம் போய்விடுவதால் முடிவான பிஸ்கட்டில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

வரிசை ஏமாற்றுவது சர்க்கரையைப் பிரித்துப் போடும்போதுதான். ஒரு ‘எனர்ஜி பார்’ இருக்கிறது, அதில் ஓட்ஸ் 30%, வெல்லம், பேரீச்சைச் சிரப், குளுக்கோஸ் சிரப் தலா 15% என்று வையுங்கள். பட்டியலில் ஓட்ஸ் முதலிடம். மூன்று இனிப்பையும் கூட்டினால் 45%. எல்லாச் சிரப்பும் மறைப்பதற்காகவே போடப்படுவதில்லை. இன்வர்ட் சிரப் பிஸ்கட்டுக்கு நல்ல நிறம் தரும், பாரை மென்மையாக வைக்கும். ஆனால் உடலுக்குள் போனால் சர்க்கரையோடு சர்க்கரைதான். வெல்லமும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். அதனால் இனிப்புப் பெயர்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அட்டவணையில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ வரியைப் பார்ப்பதே நல்லது. அங்கே எல்லாம் கூட்டி ஒரே எண்ணாக வந்துவிடும்.

எல்லாம் என்று சொன்னேன், ஒன்று மட்டும் தப்பித்துவிடும். அது மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்தைத் துண்டுதுண்டாக உடைத்துச் செய்கிற வெள்ளைத் தூள் அது. அட்டவணையில் சர்க்கரை என்று கணக்கிடுவது ஒன்று அல்லது இரண்டு சர்க்கரை அலகுகள் கொண்ட மூலக்கூறுகளை மட்டும்தான். மால்டோடெக்ஸ்ட்ரினில் பெரும்பாலும் அதைவிட நீளமான சங்கிலிகள் என்பதால் சர்க்கரை வரியில் வராது, ‘கார்போஹைட்ரேட்’ வரியில் மாவோடு மாவாகக் கலந்துவிடும். நாக்கிலும் பெரிதாக இனிக்காது. ஆனால் சிறுகுடலில் நொதிகள் அந்தச் சங்கிலிகளைச் சட்டென்று வெட்டிவிடுவதால், குளுக்கோஸாக மாறி வேகமாக ரத்தத்தில் ஏறும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘சுகர் ஃப்ரீ’ என்று வாங்கும் பவுடர்களிலும் பிஸ்கட்டுகளிலும் இதைப் பார்க்கலாம். 100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லையென்றால் அப்படிப் போட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. அவர்கள் பார்க்க வேண்டியது சர்க்கரை வரியை அல்ல, மொத்தக் கார்போஹைட்ரேட் வரியை. கூடவே பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூட வாசல் கடையில் தொங்கும் குட்டிப் பாக்கெட்டுகளில் இந்த அட்டவணையே இல்லாமல் இருக்கலாம். பரப்பளவு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாத உறைகளுக்கு விதிவிலக்கு உண்டு. அவை வந்த பெரிய உறையில் விவரம் இருக்கும். இல்லையென்றால் அதே பிஸ்கட்டின் பெரிய பாக்கெட்டில் 100 கிராமுக்கான எண்ணைப் பார்த்து, குட்டிப் பாக்கெட்டின் நிகர எடையால் பெருக்கி 100 ஆல் வகுத்துக்கொள்ளலாம்.