டிப்ஸ் வந்த பங்கை உங்களுக்கு விற்பது யார்?

பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை செய்வதால் ஒரு கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது: "விற்கிறதுக்கு ஆர்டர் போட்டுட்டேன், நாலு நாளா விற்கவே மாட்டேங்குதே, உங்க சிஸ்டத்துல ஏதாவது பிரச்சினையா?" சிஸ்டத்தில் பிரச்சினை இருக்காது. அந்தப் பங்கை வாங்க ஆளே இருக்காது. அதை வாங்கச் சொல்லி எங்கிருந்து டிப்ஸ் வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு மெசேஜ் குழுவைச் சொல்வார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒரு சிறு நிறுவனத்துக்கு மொத்தம் 1 கோடி பங்குகள். 70 லட்சம் நிறுவனர்கள் கையில் இருக்கிறது. மீதி 30 லட்சம்தான் சந்தையில் புழங்குகிறது. விலை 9. நாளுக்குச் சில ஆயிரம் பங்குகள் கைமாறினாலே பெரிய விஷயம். விலையைச் செயற்கையாக ஏற்றி விற்கும் ஆபரேட்டர்கள் இப்படித் தூங்கும் பங்கைத்தான் தேடுவார்கள். பல கணக்குகளில் சிறிது சிறிதாக வாங்கி, சில ஆண்டுகளில் 20 லட்சம் பங்குகளைச் சேர்த்துவிடுகிறார்கள்.

அடுத்து, தங்கள் கணக்குகளுக்குள்ளேயே வாங்கி விற்கிறார்கள். கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையான வால்யூம் எகிறும், விலையும் ஏறும். தினசரி ஏற்றத்துக்கு 5% வரம்பு இருக்கும் பங்கு, தினமும் அந்த வரம்பைத் தொட்டால் 15 வர்த்தக நாள்களில் இரட்டிப்புக்குக் கொஞ்சம் மேலேயே போய்விடும். 9 என்பது 19 ஆகிவிட்டது. இது வரைக்கும் குழுவில் ஒரு வார்த்தை வந்திருக்காது. இப்போதுதான் மெசேஜ் வருகிறது: "பெரிய ஆர்டர் கிடைக்கப்போகிறது, உள்ளே இருந்து வந்த தகவல், இலக்கு 40."

இந்த இடத்தில் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். குழுவில் 10,000 பேர், ஆளுக்கு 200 பங்கு வாங்கினால் 20 லட்சம். நாளுக்குச் சில ஆயிரம் மட்டுமே கைமாறிய ஒரு பங்கில் இத்தனை பங்குகளை விற்பது யார்? டிப்ஸ் கொடுத்தவர்களேதான். விலை 19-லிருந்து 28 வரை ஏறும்போதே சராசரியாக 24-க்கு விற்றுத் தீர்த்துவிட்டால், பங்குக்கு 15 வீதம் 3 கோடி லாபம். நீங்கள் வாங்கிய உடனே விலை ஏறுவதால் டிப்ஸ் பலித்ததாகத் தோன்றும். உண்மையில் ஏற்றுவது உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் போடும் பணம்.

ஆபரேட்டர்கள் விற்று முடித்ததும், செயற்கையாக வாங்கிக்கொண்டிருந்த கையும் நின்றுவிடும். விலை, ஒரு நாளில் இறங்கக்கூடிய கடைசி எல்லையான லோயர் சர்க்யூட்டில் உறைந்துவிடும். விற்கும் பக்கம் லட்சக்கணக்கில் ஆர்டர்கள் வரிசையில் நிற்கும், வாங்கும் பக்கம் பூஜ்யம். தினமும் 5% வீதம் 10 நாள் இறங்கினால் 28 என்பது 17-க்குக் கீழே போய்விடும். இத்தனை நாளும் திரையில் நஷ்டம் கூடுவதைப் பார்க்கலாம், வெளியேற முடியாது. விலை ஓர் அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும், வாங்க ஆள் இல்லாத இடத்தில் அது நிறைவேறாது. தினசரி வரம்பே இல்லாத சந்தைகளில் இதே சரிவு ஒரே மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதற்குப் பெரிய மூளையும் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 15 வயதுப் பையன் ஒருவன் மீது நடவடிக்கை எடுத்தது. அதிகம் கைமாறாத சிறு பங்கை வாங்குவான், பல புனைபெயர்களில் இணையத்தில் புகழ்ந்து எழுதுவான், பெரும்பாலும் ஒரே நாளுக்குள் விற்றுவிடுவான். லாபமும் வட்டியுமாக அவன் திருப்பிக் கட்டியது 2,85,000 டாலர்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, மெசேஜ் வருவதற்கு முந்தைய ஆறு மாத வால்யூம். காரணமாக எந்த அறிவிப்பும் இல்லாமல் அது திடீரென்று பல மடங்காகியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். "பெரிய ஆர்டர்" என்ற செய்தி, நிறுவனம் பங்குச் சந்தைக்குத் தந்த அறிவிப்புகளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டுக்குமே பத்து நிமிடம் போதும். ஆனால் போலி அறிவிப்பை நிறுவனமே கொடுக்கும் மோசடிகளும் உண்டு, அதனால் அறிவிப்பு இருந்துவிட்டால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம்.

குழுவின் நடத்தையும் காட்டிக்கொடுக்கும். அட்மின் மட்டுமே எழுத முடியும், தோற்ற டிப்ஸ்கள் அழிக்கப்படும், லாப ஸ்க்ரீன்ஷாட்கள் மட்டும் மிஞ்சும். விலை விழ ஆரம்பித்ததும் வரும் மெசேஜ் எனக்கு மனப்பாடம்: "பயந்தவர்கள் விற்கிறார்கள், நாம் ஹோல்ட் செய்கிறோம், இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்யுங்கள்." ஆபரேட்டர்களிடம் மிச்சம் இருப்பதை வாங்க அப்போது ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்? ஆவரேஜ் செய்யாதீர்கள். விற்பனை வரிசையில் ஒரே விலையில் முன்னால் வந்த ஆர்டருக்கே முன்னுரிமை என்பதால், சந்தை ஆர்டர் ஏற்கத் தொடங்கும் நேரத்திலேயே லோயர் சர்க்யூட் விலையில் ஆர்டர் போடுங்கள். குழு மெசேஜ்களை அழிவதற்குள் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒழுங்குமுறை அமைப்புக்குப் புகார் கொடுங்கள். அப்புறம், "உங்கள் நஷ்டத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று ஒருவர் கூப்பிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஏமாந்தவர்களின் எண்கள் அடங்கிய பட்டியலும் கைமாறும்.