கலாய்ப்பில் பிரியம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“ஆபீஸில் ஒருவன் என்னை மட்டும் ஓயாமல் கலாய்க்கிறான். நானும் திருப்பிக் கலாய்ப்பேன். இது பிடித்துப்போய்ச் செய்வதா, வெறும் பொழுதுபோக்கா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

அமெரிக்க உளவியலாளர் டேச்சர் கெல்ட்னரும் அவருடைய குழுவினரும் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கேலியை இரண்டு பாகமாகப் பிரிக்கிறது. ஒன்று சீண்டல். மற்றது, ‘இது விளையாட்டு’ என்று கூடவே காட்டும் குறிப்பு: இழுத்துப் பேசும் குரல், நம்பவே முடியாத மிகை, அடக்கப் பார்த்தும் உதட்டில் எட்டிப்பார்க்கும் சிரிப்பு. குறிப்பு இல்லாவிட்டால் மிஞ்சுவது வசைதான். இவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இப்படிச் சீண்டத் தோன்றும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரை யாரும் ‘லூசு’ என்று கூப்பிடுவதில்லை.

கேலி எந்த இடத்தில் பிறக்கிறது என்பதுதான் இதில் மிக அழகான பகுதி. பிரிட்டனைச் சேர்ந்த பால் ட்ரூ, பதிவுசெய்த அன்றாட உரையாடல்களை வரிவரியாக ஆராய்ந்து 1987இல் ஒரு கட்டுரை எழுதினார். கேலி வானத்திலிருந்து விழுவதில்லை. எதிராளி கொஞ்சம் அளவுமீறிப் பேசிய அடுத்த நொடியில், அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டு வருகிறது. பெருமையோ புலம்பலோ சற்றே கூடிவிட்டால் போதும். அதாவது, கலாய்ப்பவர் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு சாஃப்ட்வேர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். டெவலப்பர் சொல்கிறான்: “இந்த மாட்யூல்ல ஒரு பக் கூட இருக்காது, எழுதியே தரேன்.” டெஸ்டிங் பெண் உடனே, “போன வாரமும் எழுதிக் குடுத்த. அதை ஃப்ரேம் போட்டு மாட்டிருக்கேன்” என்கிறாள். அவன் வேகமாக, “அது என் கோட் இல்ல, ஏபிஐ டீம் மாத்துனது” என்று விளக்கம் சொல்கிறான்.

அவள் இங்கேதான் தவறாகக் கணக்குப் போடுவாள்: ‘முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டானே, பிடிக்கவில்லை போலிருக்கிறது.’ ட்ரூ கண்டது வேறு. கேலிக்கு ஆளானவர், அது கேலி என்று புரிந்து சிரித்தாலும்கூட, பெரும்பாலும் சீரியஸாகத்தான் பதில் சொல்கிறார். மிகையைச் சுட்டிக்காட்டியதும் அதைச் சரிசெய்யத் தோன்றுவது மனித இயல்பு. எனவே முதல் பதிலை விட்டுவிடுங்கள். அடுத்த நாள் அவனாகவே, “ஃப்ரேமுக்கு இன்னொன்னு ரெடி” என்று வந்தால், அது நல்ல அடையாளம். நேற்றைய கேலியை அவன் மனத்தில் வைத்திருக்கிறான்.

பரஸ்பரமா என்று அறிய, யார் தொடங்குகிறார்கள் என்று இரண்டு மூன்று வாரம் கவனிப்பது பயன் தரும். எப்போதும் நீங்களே தொடங்கி, அவர் மரியாதைக்குச் சிரித்துவிட்டுத் திரைக்குத் திரும்பினால் அது ஒருவழிப் பாதை. திரும்பிவரும் கேலியின் அளவையும் பாருங்கள். உங்கள் தூக்கத்தை, டீ பைத்தியத்தைத் தொட்டால் விளையாட்டு. நிறம், உடம்பு, சாதி, ஆங்கிலம் என்று வலிக்கும் இடத்தையே தேடித் தொட்டால், என்ன சிரிப்போடு சொன்னாலும் அதைப் பிரியத்தின் கணக்கில் எழுத வேண்டாம். கூட்டம் இருக்கும்போது மட்டும் கலாய்ப்பவர், கூட்டத்துக்காகவும் செய்திருக்கலாம். லிஃப்டில் தனியாக நிற்கும்போது பேச்சு தொடர்கிறதா என்பது கூடுதலாகச் சொல்லும்.

வாட்ஸ்அப்பை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஜஸ்டின் க்ரூகர் குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனையில், மின்னஞ்சலில் வந்த வாக்கியம் கிண்டலா நிஜமா என்பதைப் படித்தவர்கள் சுமார் 56 விழுக்காடுதான் சரியாகச் சொன்னார்கள். பூவா தலையா போட்டாலே 50 வரும். அனுப்பியவர்களோ முக்கால் பங்குக்கு மேல் புரியும் என்று நம்பினார்கள். குரலும் முகமும் போனால் குறிப்பும் போய்விடுகிறது.

இதெல்லாம் நெருக்கத்தைத்தான் காட்டும். காதலா நட்பா என்பது வேறு கேள்வி. ஜெஃப்ரி ஹால் குழுவினரின் 2014 ஆய்வில், எதிரே இருப்பவர் உண்மையிலேயே காதல் நாட்டத்தோடு பேசியபோது அதைக் கண்டுகொண்டவர்கள் ஆண்களில் 36, பெண்களில் 18 விழுக்காடு மட்டுமே. அப்படி இல்லாதபோது இல்லை என்று 80 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து மனத்தைப் படிக்கலாம் என்று காசு வாங்கிக்கொண்டு வகுப்பெடுப்பவர்களை, இந்த எண்களைப் பார்த்த பிறகு நம்ப எனக்கு மனமில்லை. நம் பல்கலைக்கழகங்கள் தமிழ் அலுவலகப் பேச்சைப் பதிவுசெய்து ஆராயப் பணம் ஒதுக்கினால் அதில் உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.

ஒருவர் டீம் லீடாக இருந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. அப்ரைசல் கையில் வைத்திருப்பவரின் கேலிக்கு எல்லாரும் சிரிப்பார்கள். சம நிலையில் இருப்பவர்கள், கேலி இல்லாமல் நேராக ஒரு வாக்கியம் பேசிப் பார்க்கலாம்: “சனிக்கிழமை ரெண்டு பேரும் காபி குடிக்கப் போலாமா?” “டீமையும் கூப்பிடலாம்” என்று வந்தால் விட்டுவிடுங்கள். “இந்த வாரம் முடியாது, அடுத்த சனி?” என்று அவராகவே வேறு நாள் சொன்னால், அவருக்கும் விருப்பம் இருக்கிறது.