கிளாக் வேகத்தைக் குறைத்தும் தீராத பிழை: ஸ்கேன் செயினில் ஒரு ஹோல்டு மீறல்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு சிப்பின் முதல் மாதிரிகள் சோதனைக் கருவிக்கு வந்தபோது, சோதனைக்காக ஃபிளிப்-ஃபிளாப்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஸ்கேன் செயின்களில் ஒன்று மட்டும் தொடக்கச் சோதனையிலேயே தோற்றது. அந்தச் செயினில் 412 ஃபிளிப்-ஃபிளாப்கள் இருந்தன. 0011 0011 என்று மாறி மாறி ஒரு முனையில் பிட்டுகளைச் செலுத்தினால், 412 கிளாக் துடிப்புகளுக்குப் பிறகு அதே வரிசை மறுமுனையில் வெளிவர வேண்டும். வரிசை சிதையாமல்தான் வந்தது. ஆனால் ஒரு துடிப்பு முன்னதாக, 411இலேயே வந்துவிட்டது.

எங்கள் குழுவின் முதல் எண்ணம், ஷிப்ட் வேகம் கூடிவிட்டது என்பதே. 20 மெகாஹெர்ட்ஸில் ஓடிய கிளாக்கை 1 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பார்த்தோம். எதுவும் மாறவில்லை. பிழையின் இயல்பை இந்த ஒரு சோதனையே சொல்லிவிடுகிறது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தரவு தாமதமாக வந்து அடுத்த துடிப்பைத் தவறவிடுவது செட்டப் மீறல். துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டினால் அது மறைந்துவிடும். புதிய தரவு மிக விரைவாக வந்து, அடுத்த ஃபிளாப் பழைய மதிப்பைப் பிடித்துக்கொள்ளும் முன்பே அதைக் கலைத்துவிடுவது ஹோல்டு மீறல். இதில் இரண்டு ஃபிளாப்களும் ஒரே துடிப்பின் ஒரே விளிம்பில்தான் போட்டியிடுகின்றன. அடுத்த துடிப்பு எப்போது வருகிறது என்பது அந்தக் கணக்கில் நுழைவதே இல்லை. ஆகவே கிளாக்கை எவ்வளவு மெதுவாக்கினாலும் அந்தப் பிழை அசையாது.

எங்கள் செயினில் இந்தப் பிழை நிகழ்ந்தது அடுத்தடுத்து நின்ற இரண்டு ஃபிளாப்களுக்கு இடையில். அவற்றில் முதலாவதற்கு கிளாக் விளிம்பு மூலத்திலிருந்து 0.62 நானோநொடியில் சென்று சேர்ந்தது. இரண்டாவதற்கு அதே விளிம்பு 0.97 நானோநொடியில்தான் சேர்ந்தது. இந்த 0.35 நானோநொடி வேறுபாடுதான் கிளாக் ஸ்கியூ. முதல் ஃபிளாப் விளிம்பைக் கண்ட 0.12 நானோநொடியில் தன் புதிய மதிப்பை வெளியிட்டது, கம்பி 0.02 நானோநொடி எடுத்துக்கொண்டது. ஆக, புதிய தரவு 0.76இல் இரண்டாம் ஃபிளாப்பின் வாசலுக்கு வந்து நின்றது. ஆனால் இரண்டாம் ஃபிளாப் பழைய மதிப்பைப் பிடித்துக்கொள்ள, தன் விளிம்பு வந்த பிறகும் 0.05 நானோநொடி, அதாவது 1.02 வரை, அந்தப் பழைய மதிப்பு கலையாமல் இருக்க வேண்டும். புதிய தரவு 0.26 நானோநொடி முந்திவிட்டது. அதன் விளைவாக ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பிட் இரண்டு ஃபிளாப்களையும் ஒரே தாவலில் கடந்தது. 412 ஃபிளாப்கள் கொண்ட செயின் 411 கொண்டதைப் போல நடந்துகொண்டது. முதல் ஃபிளாப் சோதனையில் பிடித்துவைத்த மதிப்பை இரண்டாம் ஃபிளாப் வாங்கிக்கொள்ளும் முன்பே புதிய பிட் அதை அழித்துவிட்டதால், அந்த ஒரு மதிப்பு ஒருபோதும் வெளியே வரவில்லை.

சிப்பை அனுப்புவதற்கு முன்பே இது ஏன் கண்ணில் படவில்லை என்ற கேள்விதான் என்னை நெடுநாள் உறுத்தியது. வழக்கமான இயக்கத்தில் அந்த இரண்டு ஃபிளாப்களும் தொடர்பற்ற இரு கிளாக்குகளில் ஓடின. அவற்றுக்கு இடையிலான பாதைகளைச் சோதிக்க வேண்டாம் என்று கட்டுப்பாட்டுக் கோப்பிலேயே எழுதியிருந்தோம், அதுவும் சரிதான். ஸ்கேன் இயக்கத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒரே சோதனைக் கிளாக் சென்றது. இரண்டாம் கிளையில் கூடுதலாக ஒரு மக்ஸும் சில பஃபர்களும் இருந்தன. இரு கிளைகளையும் சமன்செய்யச் சொல்லி எவரும் கருவியிடம் கேட்கவில்லை. ஷிப்ட் இயக்கத்திற்கென்று தனி டைமிங் பகுப்பாய்வை நாங்கள் நடத்தவேயில்லை. பிறகு அதை நடத்தியபோது, சில நொடிகளில் அந்தப் பாதை பட்டியலின் முதல் வரியில் வந்து நின்றது.

```
set_case_analysis 1 [get_ports test_mode]
set_case_analysis 1 [get_ports scan_en]
report_checks -path_delay min -format full_clock_expanded
```

இது ஓப்பன்எஸ்டிஏ கருவியின் வடிவம். பிற கருவிகளிலும் கருத்து இதுவே. கடைசி வரியில் `full_clock_expanded` என்று கேட்பதற்குக் காரணம் உண்டு: கிளாக் பாதை முழுவதும் செல் செல்லாக விரிந்தால்தான் இரு கிளைகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பது தெரியும். பிரியும் இடத்துக்கு முன் உள்ள பொதுவான பாதைக்கும் கருவி இரண்டு விதமான தாமதங்களைக் கணக்கிட்டிருந்தால், காட்டப்படும் மீறலில் ஒரு பகுதி பொய்யானது. அந்த மிகைத் தாமதம் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே திருத்தத்தில் இறங்க வேண்டும்.

பலரும் முதலில் நாடும் திருத்தம், தரவுப் பாதையில் பஃபர்களைச் சேர்ப்பது. மீறல் 0.03 அல்லது 0.05 நானோநொடி என்றால் நானும் அதைத்தான் செய்வேன். அதையும் இரண்டாம் ஃபிளாப்பின் ஸ்கேன் உள்ளீட்டு முனையில் வைப்பேனேயன்றி, முதல் ஃபிளாப்பின் வெளியீட்டில் வைக்கமாட்டேன், ஏனெனில் அந்த வெளியீட்டிலிருந்து கிளம்பும் வழக்கமான இயக்கப் பாதைக்கும் அந்தத் தாமதம் சேர்ந்து, அங்கே செட்டப் மீறலை உண்டாக்கிவிடும். ஆனால் 0.26 நானோநொடிக்கு, ஒரு பஃபருக்கு 0.04 என்று கொண்டாலும், ஏழு பஃபர்கள் தேவைப்பட்டன. இந்த ஏழும் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்திலும் வெப்பநிலையிலும் போதுமானவையாக இருக்கலாம். வேறொரு நிலையில் இரண்டு கிளாக் கிளைகளும் தத்தம் போக்கில் மாறும், பஃபர்கள் தம் போக்கில் மாறும். இரண்டும் சேர்ந்தே மாறும் என்ற உறுதி இல்லை.

அதனால் அடுத்த பதிப்பில் நாங்கள் வைத்தது ஒரு லாக்-அப் லாட்ச். கிளாக் தாழ்ந்திருக்கும்போது மட்டும் திறந்திருக்கும் ஒரு லாட்சை இரு ஃபிளாப்களுக்கும் நடுவே, முதல் ஃபிளாப்பின் பக்கத்திலேயே வைத்தோம். கிளாக் உயரும்போது முதல் ஃபிளாப் புதிய மதிப்பை வெளியிடுகிறது. அதே நேரத்தில் லாட்ச் மூடிக்கொண்டு பழைய மதிப்பைக் காத்து நிற்கிறது. கிளாக் தாழும்போதுதான் புதிய மதிப்பு நகர்கிறது. 20 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 50 நானோநொடி; ஆகவே தரவு ஏறத்தாழ 25 நானோநொடி தாமதமாகவே இரண்டாம் ஃபிளாப்பை அடைகிறது. 0.35 நானோநொடி ஸ்கியூ அதன் முன் ஒன்றுமேயில்லை. எந்த வெப்பநிலையிலும் இந்த இடைவெளி தாங்கும். செட்டப்புக்கு மீதமுள்ள அரைத் துடிப்பும் தாராளமாகப் போதும்.

இதில் ஒரு பிழையை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். லாட்சுக்கு இரண்டாம் ஃபிளாப்பின் கிளாக்கை இணைத்துவிடுவார்கள். படத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். ஆனால் முதல் ஃபிளாப் 0.74இல் புதிய தரவை அனுப்பும்போது, தாமதமான அந்தக் கிளாக் இன்னும் உயராததால் லாட்ச் திறந்தே கிடக்கும். தரவு நேரே உள்ளே போய்விடும். முதல் ஃபிளாப் எந்தக் கிளாக் கிளையின் நுனியில் இருக்கிறதோ, அதே நுனியில்தான் லாட்சும் இருக்க வேண்டும்.

லாட்ச் சேர்க்க இடமில்லாத மற்றொரு செயினில் ஃபிளாப்களின் வரிசையை மாற்றினோம். கிளாக் தாமதமாக வரும் ஃபிளாப் முன்னும், விரைவாக வரும் ஃபிளாப் பின்னும் இருக்குமாறு தரவு ஓட்டத்தைத் திருப்பினால், அதே ஸ்கியூ ஹோல்டுக்குத் துணையாகிவிடுகிறது. அது செட்டப்பிலிருந்து 0.35 நானோநொடியை எடுத்துக்கொண்டாலும் 50 நானோநொடித் துடிப்பில் அதை யாரும் உணரப்போவதில்லை. செயினில் ஃபிளாப்கள் எந்த வரிசையில் நின்றாலும் சிப்பின் வேலை மாறாது. சோதனைப் பேட்டர்ன்களை மட்டும் மறுபடி உருவாக்க வேண்டும்.

ஏற்கெனவே கையில் இருந்த மாதிரிகளுக்கு இவை எதுவும் உதவவில்லை. அந்த இரண்டு ஃபிளாப்களையும் சோதனைப் பேட்டர்ன்களில் மறைத்துவிட்டு, செயினின் நீளத்தை 411 என்று எழுதிச் சோதனையைத் தொடர்ந்தோம்.