0.26 வந்ததற்காக ஒரு கேள்வியை நீக்கலாமா?

அறிகுறி வினாத்தாளைச் சுருக்க உதவி கேட்டு வரும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான அட்டவணையைத்தான் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, மீதிக் கேள்விகளின் கூட்டு மதிப்பெண்ணோடு அதற்குள்ள ஒட்டுறவு இருக்கும். 0.30-க்குக் கீழே இருப்பவை சிவப்பில் இருக்கும். மனச்சோர்வு வினாத்தாள் என்றால், "செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா?" என்ற கேள்வியும் அந்தச் சிவப்பில் மாட்டிக்கொண்டிருக்கும். பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி கேட்பதும் இதைத்தான். இதை நீக்குமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்பேன்.

ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோம். "சோர்வாக இருக்கிறதா?" என்பதற்குப் பாதிப்பேர் ஆம் என்கிறார்கள், இறப்பு எண்ணத்துக்கு 5 சதவீதம் பேர் மட்டுமே. இரண்டுக்கும் நோயின் உள்ளார்ந்த தீவிரத்தோடு ஒரே அளவு பிணைப்பு, 0.6, என்று வைத்துக்கொள்வோம். தீவிரம் இயல்நிலைப் பரவலில் இருந்து, மொத்த மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை 0.85 ஆக இருந்தால், சோர்வுக் கேள்விக்குக் கிடைக்கும் ஒட்டுறவு சுமார் 0.44. இறப்பு எண்ணக் கேள்விக்கு 0.26. இரண்டாவது கேள்வியில் குறை எதுவும் இல்லை. நூறில் ஐந்து பேர் மட்டும் ஆம் என்னும் கேள்விக்கு, தீவிரத்தோடு பிணைப்பு முழுமையாகவும் மொத்த மதிப்பெண் பிழையே இல்லாமலும் இருந்தாலும் இந்த ஒட்டுறவு 0.47-ஐத் தாண்டாது. பாதிப்பேர் ஆம் என்பதற்கு அந்த உச்சம் 0.80. செவ்வியல் தேர்வுக் கோட்பாட்டின் இந்த எண்ணில், கேள்வி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதும் எத்தனை பேருக்கு அந்த அறிகுறி இருக்கிறது என்பதும் கலந்தே கிடக்கின்றன. கேட்கப்படும் ஆட்களை மாற்றினால் எண்ணும் மாறும். ஊர்ப்பொதுவில் சிவப்பில் விழுந்த கேள்வி, உள்நோயாளிகளிடம் கேட்டால் கறுப்பில் வந்துவிடலாம்.

உருப்படித் துலங்கல் கோட்பாடு, அதாவது ஐ.ஆர்.டி, இந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் பிரித்தறியும் திறன் (a) ஒன்றேதான், சுமார் 1.3. சராசரியை 0 என்று வைத்த தீவிர அளவுகோலில் இருப்பிடம் (b) மட்டும் வேறு: சோர்வுக்கு 0, இறப்பு எண்ணத்துக்கு 2.7. அதாவது சராசரி மனிதரிடம் சோர்வுக் கேள்வி பேசுகிறது. மிகத் தீவிரமானவரிடம் மற்றது பேசுகிறது. ஒரு கேள்வி தரும் தகவலை a²P(1−P) என்று கணக்கிடலாம்; P என்பது அந்தத் தீவிரத்தில் இருப்பவர் ஆம் என்பதற்கான நிகழ்தகவு. தீவிரம் 2.7 இருக்கும் இடத்தில் இறப்பு எண்ணக் கேள்வியின் தகவல் சுமார் 0.41, சோர்வுக் கேள்வியினுடையது 0.05. எல்லாக் கேள்விகளின் தகவலையும் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தின் தலைகீழ்தான் திட்டப்பிழை. ஆகவே இறப்பு எண்ணக் கேள்வியை எடுத்துவிட்டால், நம்பகத்தன்மையைச் சொல்லும் எண்ணான ஆல்ஃபா அசையாமல் இருக்கலாம். தீவிர நோயாளிகளை அளக்கும்போது மட்டும் பிழை கூடும். ஆல்ஃபா எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண், அதனால் இந்த இழப்பு அதில் தெரியாது.

இதனால் ஐ.ஆர்.டி எந்தக் கேள்வியை வைக்கச் சொல்கிறது என்று கேட்டால், அது அப்படி எதையும் சொல்வதில்லை. கருவி எதற்கு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சல்லடையாகப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், வெட்டுப்புள்ளியை ஒட்டிய இடத்தில் தகவல் குவிய வேண்டும், 2.7-இல் இருப்பது அதிகம் உதவாது. சிகிச்சையில் ஏற்படும் மாற்றத்தை அளக்கிறீர்கள் என்றால் மேல்முனை வேண்டும். இறப்பு எண்ணக் கேள்விக்கு இவற்றுக்கு அப்பால் ஒரு நியாயம் உண்டு: ஆம் என்றவரிடம் அன்றே ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தக் காரணத்துக்காக அதை வைத்தால், கட்டுரையிலும் அப்படியே எழுதுங்கள்.

ஐ.ஆர்.டி-யும் தடுமாறும் இடங்கள் உண்டு. 300 பேரில் 5 சதவீதம் என்றால் 15 பேர்தான். அந்தப் பதினைந்து பேரை நம்பி வரும் a, b மதிப்புகளின் திட்டப்பிழையைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். இன்னொன்று, இரட்டைக் கேள்விகள். "களைப்பாக இருக்கிறதா?", "உடம்பில் தெம்பில்லையா?" என்று இரண்டையும் கேட்டால், ஒட்டுறவு அட்டவணையில் இரண்டும் முதலிடத்துக்கு வரும். ஐ.ஆர்.டி-யிலும் அவற்றின் a செயற்கையாக ஏறி, தகவல் வளைவு பொய்யாக உயரும். a மற்ற கேள்விகளைவிடத் துருத்திக்கொண்டு 4, 5 என்று வந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். ஐ.ஆர்.டி மாதிரி விளக்கியது போக மிஞ்சும் ஒட்டுறவான Q3-ஐ எடுத்துப் பாருங்கள்:

```r
library(mirt)
fit <- mirt(data, 1, itemtype = "graded", SE = TRUE)
coef(fit, IRTpars = TRUE, printSE = TRUE)
plot(fit, type = "infoSE")
residuals(fit, type = "Q3")
```

மற்ற இணைகளைவிட ஓர் இணையின் Q3 தெளிவாக உயர்ந்து நின்றால், அந்த இரண்டு கேள்விகளையும் நாலைந்து நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி, இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். "ரெண்டும் ஒண்ணுதானே" என்று பதில் வந்தால், அவர்களுக்கு எளிதாகப் புரியும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மாதிரியைத் திரும்ப ஓட்டுங்கள்.